கோதை ஊட்டிய செல்கள்

கோதையின் செல்களைப் பார்க்கப் பக்கத்து ஆய்வகங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். இது மிகையில்லை. புனே பல்கலைக்கழகத்தை ஒட்டிய அந்த ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது மாடியில், நுண்ணோக்கிக்கு அடியில் அவள் தட்டை வைத்தால், வட்டத் தட்டு முழுக்கக் கொழுப்புச் செல்கள் பொம்மென்று உப்பி, ஒவ்வொன்றிலும் எண்ணெய்த் துளிகள் மின்னிக்கொண்டு கிடக்கும். எலிக்குஞ்சிலிருந்து என்றைக்கோ எடுத்து, உலகமெங்கும் வளர்த்துவரும் சாதாரணச் செல்கள்தாம் அவை. மற்றவர்கள் தட்டில் அவை பாதி கொழுக்கும், பாதி சண்டி பண்ணும். கோதையின் தட்டில் தொண்ணூறு விழுக்காடு கொழுக்கும். யாராவது காரணம் கேட்டால், கைராசி என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவ்வளவு பெருமை.

போபோடி ரயில்வே கேட்டுக்கு அருகில், ஒண்டுக்குடித்தனச் சந்து ஒன்றில் பிறந்தவள் அவள். அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், சந்தில் மராத்தி, பள்ளியில் இந்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்று நான்கையும் அரைகுறையாகப் பேசி, நுண்ணுயிரியலில் பி.எஸ்ஸி. முடித்து, 1992-ல் டெக்னிக்கல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தாள். பிறகு ஜம்புவைக் கட்டிக்கொண்டாள். அவன் சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நல்ல மனிதன். அவள் வேலையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமையும் அவள் போயாக வேண்டும் என்பதுதான்.

ஞாயிறு விஷயத்தைச் சொல்ல வேண்டும். செல்களுக்கு விடுமுறை கிடையாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, அவை ஊறிக்கிடக்கும் திரவமான பழைய மீடியாவை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஊட்டச்சத்துள்ள புது மீடியாவை ஊற்ற வேண்டும். அதை ஆய்வகத்தில் 'ஃபீடிங்' என்பார்கள், கோதை மட்டும் சோறு போடுவது என்பாள். ஆராய்ச்சி மாணவர்கள் ஊருக்குப் போனாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, காதலித்துக்கொண்டு சிங்ககட் கோட்டைக்குக் கிளம்பினாலோ தங்கள் தட்டுகளைக் கோதையிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். பதினோரு வருடத்தில் ஒருவர் தட்டில்கூடப் பூஞ்சை பிடித்ததில்லை. அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டம் கிடையாது, தனி மேசை கிடையாது. அவள் கையை எல்லோரும் நம்பினார்கள், அதுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து.

அவளுடைய கைராசிக்கு ஒரு ரகசியம் உண்டு, அது பெரிய ரகசியமும் இல்லை. இந்தச் செல்களைக் கொழுக்கவைக்க முதலில் மூன்று மருந்து கலந்த மீடியா தர வேண்டும், அதில் ஒன்று இன்சுலின். பிறகு இரண்டு நாளைக்கு இன்சுலின் மட்டும். அதற்கப்புறம் அதுவும் வேண்டாம், வெறும் மீடியா போதும் என்பது ஊர்வழக்கம். கோதை அந்த இடத்தில் நிறுத்தவில்லை. கடைசி நாள்வரை இன்சுலின் விட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஆய்வகத்தின் அப்போதைய வேலையெல்லாம் செல்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான். அதற்கு அவள் வழி கச்சிதமாகப் பொருந்தியது. இன்சுலின் கலந்த மீடியா வைத்த புட்டியின் மூடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு வைத்திருப்பாள். எப்படி வளர்க்கிறாய் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை, விளைச்சலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் அனந்தராமன். மராத்தியும் வங்காளமும் இரைச்சலிடும் அந்த அறையில் அவரும் கோதையும் மட்டுந்தான் தமிழ். மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் கறாராகப் பேசும் மனிதர், "கோதை, தட்டு ரெடியாம்மா?" என்று அவளிடம் மட்டும் தமிழில் கேட்பார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அலுத்ததே இல்லை.

2003 தொடக்கத்தில் அவர் ஆராய்ச்சியைத் திருப்பினார். செல்லில் எவ்வளவு கொழுப்பு என்பது போதும், இனிமேல் இன்சுலின் வந்தால் செல் எப்படிச் சர்க்கரையை உள்ளே இழுக்கிறது என்று பார்க்கலாம் என்றார். கோதையை உட்காரவைத்து விளக்கவும் செய்தார். சர்க்கரை தானாகச் செல்லுக்குள் நுழைந்துவிடாது. செல்லின் சவ்வில் அதை ஏற்றிவிட ஒரு புரதம் நிற்க வேண்டும், அதற்கு க்ளட்-4 என்று பெயர். சாதாரண நேரத்தில் அது சவ்வில் நிற்பதில்லை, சின்னச் சின்னக் குமிழிகளில் ஏறிச் செல்லுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து வெளியே இருக்கும் ஏற்பியைத் தொட்டால், ஏற்பி உள்பக்கம் இன்னொரு புரதத்தை முடுக்கும், அது அடுத்ததை முடுக்கும், கடைசியில் ஆக்ட் என்ற புரதத்தின்மேல் பாஸ்பேட் ஏறி அது விழித்துக்கொள்ளும். அது குமிழிகளின் பிடியைத் தளர்த்திவிடும். குமிழிகள் சவ்வோடு போய் ஒட்டிக் கலக்கும், க்ளட்-4 வெளிமுகம் காட்டி நிற்கும், சர்க்கரை உள்ளே போகும். இன்சுலின் விலகினால் மறுபடி உள்ளே திரும்பிவிடும். எல்லாம் கால் மணி, அரை மணி நேரக் கூத்து.

"இதுல உன் தட்டுதான் ஆணிவேர். பேப்பர் வந்தா உன் பேரும் இருக்கும்," என்றார்.

கோதைக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதினோரு வருடத்தில் எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்திருந்தன, எதிலும் அவள் பெயர் ஆசிரியர் வரிசையில் வந்ததில்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், மின்சாரம் தந்தவர்களுக்குப் பக்கத்தில் இரண்டு முறை வந்திருந்தது. இரவு ஜம்புவிடம் சொன்னபோது, அவன் பேப்பர் என்றால் மராத்தி நாளிதழ் சகாள் பேப்பரா என்று கேட்டான். அவள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் மாதம் ஸ்ரீவித்யா வந்தாள்.

கோயம்புத்தூர்ப் பெண், பிஎச்.டி. மாணவி, இருபத்து மூன்று வயது. பெங்களூரில் ஆறு மாதம் இதே செல்களில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒல்லி. பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவாள். கோதையை முதல் நாளே 'அக்கா' என்று கூப்பிட்டாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோதைக்குக் குத்தியது வேறு. அனந்தராமன் அந்தப் பெண்ணிடமும் தமிழில் பேசினார். பேசியதோடு நிற்கவில்லை, சிரித்தார். கோயம்புத்தூர்ச் சிறுவாணித் தண்ணீர் பற்றி ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். கோதை, தட்டில் கிருமி விழாமல் காக்கும் கண்ணாடிக் கூண்டான ஹூட்டுக்குள் கையை நீட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் அவர் அவளிடம் எந்தத் தண்ணீரைப் பற்றியும் பேசியதில்லை.

அது முதல் நாள் பொறாமை, சின்னது. பெரியது ஜூலையில் வந்தது.

சோதனை இதுதான். தட்டில் உள்ள செல்களை மூன்று மணி நேரம், கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் கலக்காத மீடியாவில் பட்டினி போட வேண்டும். பாதித் தட்டுகளுக்கு இன்சுலின் தர வேண்டும், பாதிக்குக் கூடாது. பிறகு கதிரியக்கக் குறி போட்ட, சர்க்கரையைப் போலவே செல்லுக்குள் போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும் ஒரு பொருளைச் சில நிமிடம் தந்து, குளிர்ந்த உப்புக் கரைசலால் கழுவி, எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று, கதிர்வீச்சை எண்ணும் கருவியான எண்ணியில் எண்ண வேண்டும். இன்சுலின் இல்லாத தட்டுக்கும் உள்ள தட்டுக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதுதான் விடை. அனந்தராமன் ஒரு செட் தட்டுகளைக் கோதையையும், ஒரு செட்டை ஸ்ரீவித்யாவையும் வளர்க்கச் சொன்னார்.

ஸ்ரீவித்யாவின் தட்டில் இன்சுலின் இல்லாமல் இரண்டாயிரம் எண்ணிக்கை, இன்சுலினோடு பதின்மூன்றாயிரம். ஆறரை மடங்கு. கோதையின் தட்டில் இன்சுலின் இல்லாமலே ஆறாயிரம், இன்சுலினோடு எட்டாயிரத்து ஐந்நூறு. ஒன்றரை மடங்குகூடத் தேறவில்லை.

முதல் தடவை எண்ணியில் கோளாறு என்றாள் கோதை. இரண்டாம் தடவை கழுவியது சரியில்லை என்றாள். மூன்றாம் தடவை அவளே கழுவினாள், எண் மாறவில்லை. அனந்தராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இனி இந்த வேலைக்கு ஸ்ரீவித்யாவின் தட்டுகளையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதுதான் கோதையை அறுத்தது. கட்டுரையில் பெயர் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. தட்டே வேண்டாம் என்றபின் பெயர் எதற்கு?

அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்று மென்மையாகச் சொல்வானேன், பற்றிக்கொண்டு எரிந்தது. ஸ்ரீவித்யாவின் தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் செல்கள் நோஞ்சான்கள். சின்னச் சின்ன எண்ணெய்த் துளி, இடையிடையே இடைவெளி. இதுவா ஆறரை மடங்கு இழுக்கிறது? இந்தப் பெண் எண்களை ஜோடிக்கிறாள் என்று முடிவுகட்டினாள். எண்ணியிலிருந்து வரும் காகிதச் சுருளை அவள் இல்லாத நேரத்தில் எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. கேட்டிருக்கலாம். நீ எப்படி வளர்க்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பெண் உட்காரவைத்துச் சொல்லியிருப்பாள். தன் தங்கை வயதுப் பெண்ணிடம் போய்ச் செல் வளர்க்கக் கேட்பதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஸ்ரீவித்யாவும் சீனியரிடம் கேட்கக் கூச்சப்பட்டாள். பக்கத்துப் பக்கத்து ஹூட்டில் முழங்கை இடிக்க உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் மூன்று மாதம் ஓட்டினார்கள்.

வீட்டில் ஜம்பு வாங்கிக் கட்டிக்கொண்டான். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட, கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைத்துச் சமைத்துக்கொள் என்று பதில் வந்தது. யார் அந்தக் கோயம்புத்தூர் என்று அவன் கேட்கவில்லை, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

அக்டோபரில் ஸ்ரீவித்யாவின் அக்காவுக்குக் கல்யாணம். ஆறு நாள் ஊருக்குப் போகிறாள். அவளுடைய பன்னிரண்டு தட்டுகள் ஐந்தாம் நாளில் இருந்தன. இன்சுலினை அப்போதுதான் நிறுத்தியிருந்தாள். திரும்பி வந்ததும் பெரிய சோதனை. வழக்கப்படி கோதையிடம் வந்தாள். மூன்று தடவை மீடியா மாற்றினால் போதுமுங்க்கா என்று சொல்லி, தன் புட்டியைக் காட்டி, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். சீட்டில் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது. இன்சுலின் சேர்க்கவே கூடாது.

கோதை அந்த வரியைப் படித்ததும் முதலில் சிரித்தாள். அதனால்தான் நோஞ்சான், பட்டினி போட்டு வளர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை தட்டுகளை எடுத்து ஹூட்டில் அடுக்கினாள். இடது பக்கம் ஸ்ரீவித்யாவின் புட்டி, வலது பக்கம் மூடியில் சிவப்பு வட்டம் போட்ட தன் புட்டி. சீட்டு அவள் கோட்டுப் பையில் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதற்குத்தானே, செல் நன்றாகக் கொழுக்கும், வந்து பார்த்தால் அவளே அசந்துபோவாள் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். உன் தட்டும் என் தட்டு மாதிரி ஆகட்டும், அப்போது பார்க்கலாம் அந்த ஆறரை மடங்கை. இதுதான் உண்மை. வலது பக்கத்துப் புட்டியைத் திறந்து பன்னிரண்டு தட்டிலும் ஊற்றினாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே, ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஸ்ரீவித்யாவின் புட்டியிலிருந்து அதே அளவு மீடியாவை எடுத்துச் சிங்க்கில் கொட்டவும் மறக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் பின்னாளில் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஸ்ரீவித்யா கையில் மருதாணியோடும் ஒரு டப்பா லட்டோடும் திரும்பினாள். தட்டைப் பார்த்து, எவ்வளவு நல்லாப் பார்த்துக்கிட்டீங்க என்று நெகிழ்ந்துபோனாள். மறுநாள் சோதனை. இன்சுலின் இல்லாமல் ஐயாயிரத்துச் சொச்சம், இன்சுலினோடு ஏழாயிரத்துச் சொச்சம். அந்தப் பெண் காகிதத்தை வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போய் அழுதாள், வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. கோதைக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. டப்பாவைத் திறந்து ஒரு லட்டை முழுசாகச் சாப்பிட்டாள்.

வாயில் லட்டு இருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. அந்த எண்கள் அவள் எண்கள். இன்சுலின் இல்லாமலே எக்கச்சக்கமாக இழுப்பது, இன்சுலின் தந்தாலும் மேலே ஏறாதது, அப்படியே அவள் தட்டின் சாயல். அந்தப் பெண்ணின் செல்லை அவள் செல்லாக மாற்றியது ஒரே ஒரு பொருள்தான், அது அவள் புட்டியில் இருந்தது. மூன்று மாதமாக எந்தப் பதிலைத் தேடி வயிறெரிந்தாளோ அது கையில் இருந்தது. நாள் முழுக்க இன்சுலினிலேயே ஊறிய செல்லுக்கு, புதிதாக ஒரு சொட்டு இன்சுலின் வந்தால் உறைப்பதில்லை.

தன் தட்டுகளில் இரண்டைத் தனியே எடுத்து, மூன்று நாள் இன்சுலின் இல்லாத மீடியாவில் வைத்தாள். பிறகு பட்டினி போட்டு வைத்திருந்து, எல்லோரும் சாய் குடிக்கப் போன நேரத்தில் தானே சோதித்தாள். இன்சுலின் இல்லாமல் இரண்டாயிரத்து எழுநூறு, இன்சுலினோடு பத்தாயிரத்து எண்ணூறு. நான்கு மடங்கு. அவள் செல்கள் திருந்தத் தொடங்கியிருந்தன. இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? சொன்னால் புதன்கிழமையையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும். காகிதத்தை மடித்துச் சீட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் அவள் எதிர்பார்த்தபடியே போனது. அனந்தராமன் ஸ்ரீவித்யாவிடம் சிரித்துப் பேசுவதை நிறுத்தினார். பழைய ஆறரை மடங்கே தற்செயலோ என்று சந்தேகப்பட்டார். பிறகுதான் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. அந்தப் பெண் அழுது ஓயவில்லை, மிச்சத் தட்டுகளை வைத்துக்கொண்டு படிப்படியாகத் துருவ ஆரம்பித்தாள். ஏற்பிகள் குறைந்திருந்தன. ஏற்பியிடமிருந்து சேதி வாங்கும் அடுத்த புரதம் பாதிக்குமேல் அழிந்திருந்தது. ஆக்ட் இருந்தது, ஆனால் அதன்மேல் பாஸ்பேட் ஏறிய அடையாளம், புரதங்களைப் பிரித்துப் பதித்த எக்ஸ்ரே படலத்தில் கோடு கோடாக மங்கித் தெரிந்தது. கடைசியாக, செல்களைக் கண்ணாடியில் வைத்து உடைத்து, சவ்வு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க, அதில் க்ளட்-4-க்கு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தாள். நல்ல செல்லில் இன்சுலினுக்குப் பிறகு சவ்வு பச்சையாக ஜொலிக்கும், இதில் இருட்டாக இருந்தது. க்ளட்-4 உள்ளேயே முடங்கிவிட்டது. இன்சுலின் இல்லாதபோதே உள்ளே போன சர்க்கரை, அதை ஏற்றிவிடும் வேறொரு புரதத்தின் வழியாகப் போனது, அது எப்போதும் சவ்வில் நிற்கும் ரகம், இன்சுலினில் ஊறியதால் எண்ணிக்கையில் பெருகியிருந்தது.

அனந்தராமன் குதிக்காத குறை. இது இன்சுலினுக்கு மசியாத செல், சர்க்கரை நோயாளிகளின் உடம்பில் நடப்பதன் ஒரு பகுதி இந்தத் தட்டிலேயே நடக்கிறது, இதைத் திரும்ப உண்டாக்க முடிந்தால் நம் கட்டுரையே இதுதான் என்றார். அந்தத் தடவை மீடியாவில் கலந்த சீரம்தான் காரணம் என்று ஸ்ரீவித்யா நினைத்தாள். அதே சீரத்தை வைத்து இரண்டு தடவை முயன்றாள், செல்கள் சமர்த்தாக ஆறு மடங்கு இழுத்தன. அவர் சலிக்கவில்லை. ஆய்வகம் முழுக்க அந்தத் தட்டுகளுக்கு 'ஸ்ரீவித்யா பேட்ச்' என்றே பெயர் பரவியது. ஹைதராபாத் மாநாட்டில் அவள் அதைப் பற்றிப் பேசப்போகிறாள் என்றும் முடிவாயிற்று.

ஸ்ரீவித்யா பேட்ச். கோதை அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கோட்டுப் பையில் இருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கெடுத்தது அவள். கெடுத்த விதம் தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தி. பெயர் மட்டும் அந்த ஒல்லிப் பெண்ணுக்கு! சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம் என்று புத்தி சொன்னது. சீட்டைக் கிழித்துப்போடு, அவர்கள் தேடித் தேடி ஓயட்டும், உன் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் அந்தப் புத்தியைக் கேட்டிருப்பாள். குற்ற உணர்ச்சி அவளைப் படுத்தத்தான் செய்தது, ஆனால் அது அவளைப் பேசவைக்கும் அளவுக்கு இல்லை. பேசவைத்தது பொறாமைதான்.

திங்கட்கிழமைக் கூட்டம். எட்டுப் பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கோதை வழக்கம்போல் கதவோரம். ஸ்ரீவித்யா படங்களைக் காட்டினாள். இருண்ட சவ்வுப் படம் திரையில் இருக்கும்போது அனந்தராமன், இந்தப் பேட்ச்சில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் மூளை இந்த அறையில் ஒருவருக்கு இருக்கிறதென்றால் அது ஸ்ரீவித்யாவுக்குத்தான் என்று சொன்னார். அதையும் தமிழில் சொன்னார். மற்றவர்களுக்குப் புரியாத அந்தத் தமிழ் கோதைக்கு நன்றாகப் புரிந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"அது என் பேட்ச் சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அனந்தராமன் புரியாமல், என்னம்மா சொல்றே என்றார்.

"அவ ஊருக்குப் போனப்ப நான்தான் சோறு போட்டேன். அவ புட்டியில இல்ல, என் புட்டியில. மூணு தபா. அதுல இன்சுலின் இருக்கு. என் தட்டு எல்லாத்துக்கும் கடைசி நாள் வரிக்கும் இன்சுலின் விடறேன், அதான் என்னுதும் ஏறல. மூணு நாள் நிறுத்திப் பார்த்தேன், நாலு மடங்கு வந்துது." பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதோடு ஒட்டிக்கொண்டு சீட்டும் வந்து விழுந்தது. இரண்டு கோடு இழுத்த வரி மேலே தெரியும்படி விழுந்தது.

அனந்தராமன் முதலில் சீட்டைப் படித்தார், பிறகு எண்களைப் படித்தார். அவர் முகம் இரண்டு விதமாக மாறியதைக் கோதை பார்த்தாள். கடைசியில் அவருக்குள் இருந்த விஞ்ஞானி ஜெயித்தார். எத்தனை நாள், எந்த அடர்த்தி, எத்தனை மைக்ரோலிட்டர் என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் கரும்பலகைக்குப் போய் எல்லாவற்றையும் எழுதினாள். பதினோரு வருடத்தில் அந்தக் கரும்பலகையில் அவள் எழுதியது அதுதான் முதல் தடவை. மராத்திப் பையன்களும் வங்காளப் பெண்ணும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் அவளை மட்டும் இருக்கச் சொன்னார். கட்டுரையில் அவள் பெயர் இரண்டாவதாக வரும், அது அவளுக்கு உரியதுதான் என்றார். பிறகு, அந்தச் சீட்டை நீ படிச்சியா என்று தமிழில் கேட்டார். படித்தேன் என்றாள். அன்றிலிருந்து அவளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார், மரியாதையாகத்தான் பேசினார்.

ஸ்ரீவித்யா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்துவாள் என்று கோதை எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை என்றும் இருந்தது.

"என் புட்டியிலயும் மீடியா கொறஞ்சிருந்துச்சுங்களே அக்கா," என்றாள் அந்தப் பெண்.

"சிங்க்கில கொட்டிட்டேன்."

ஸ்ரீவித்யா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த எட்டு மாதம் இரண்டு பேரும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். இன்சுலின் நிறுத்திய தட்டுகள் ஸ்ரீவித்யாவுடையவை, நிறுத்தாத தட்டுகள் கோதையுடையவை. ஒவ்வொரு தடவையும் அவள் சவ்வு ஜொலித்தது, கோதையின் சவ்வு இருண்டது, கணக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தும், அந்தப் பச்சை ஜொலிப்பைப் பார்க்கும்போது கோதைக்குப் பழைய எரிச்சல் ஒருதரம் கிளம்பிவிட்டுத்தான் அடங்கும். 2004 ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. இரண்டாவது பெயர் கோதையுடையது. ஜம்பு அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, சாகண் தொழிற்சாலையில் தன் லாக்கருக்குள் ஒட்டிவைத்தான். செய்முறைப் பகுதியில், சில தட்டுகளுக்கு ஆறு நாள் இன்சுலின் தொடர்ந்து தரப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. தரப்பட்டதாம். யார் தந்தார்கள் என்று விஞ்ஞானத்தில் எழுதுவதில்லை.

தீபாவளிக்கு ஸ்ரீவித்யா ஊருக்குக் கிளம்பினாள். வியாழக்கிழமை மத்தியானம் அவளுடைய தட்டுகள் ஏழாம் நாளில் இருந்தன, நல்ல விளைச்சல், இன்னும் மூன்று நாளில் சோதனைக்குத் தயாராகியிருக்கும். கோதை தன் ஹூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேறெங்கும் போக வேண்டாம் என்று ஜம்புவிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள். இந்தத் தடவை அந்தப் பெண்ணின் புட்டியிலிருந்து மட்டுமே ஊற்ற வேண்டும், ஒரு சொட்டுக்கூட மாற்றக்கூடாது என்றும் நினைத்து வைத்திருந்தாள்.

ஸ்ரீவித்யா தட்டுகளைச் சிங்க்குக்கு அருகில் கொண்டுபோய் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, செல்களைக் கொன்றுவிடும் ப்ளீச்சை ஊற்றினாள். சிவந்த மீடியா வெளுத்தது. பன்னிரண்டாவது தட்டு வரைக்கும் நிதானமாக ஊற்றி, கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோதையிடம் வந்து, "போயிட்டு வரேனுங்க்கா," என்றாள்.

"போயிட்டு வா," என்றாள் கோதை.